கரைத்த ஆன்டிபயாடிக் சிரப்: பெங்களூரு வாசகர்களின் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே மருந்தைப் பற்றியவை: குழந்தைகளுக்குத் தரும் அமாக்சிசிலின், கிளாவுலனிக் அமிலம் இரண்டும் சேர்ந்த பொடி மருந்து. பாட்டிலில் உள்ள பொடியில் தண்ணீர் ஊற்றிக் கரைத்துக் கொடுப்பது. அதையே எடுத்துக்கொள்கிறேன்.

பெங்களூரில்தான் வெயில் அதிகம் இல்லையே, கரைத்த மருந்தை அலமாரியிலேயே வைத்தால் என்ன? (அல்சூர் வாசகி)

வைக்காதீர்கள். இந்த மருந்தைக் கெடுப்பதில் வெயிலைவிடத் தண்ணீருக்குத்தான் பங்கு அதிகம். பொடியாக இருக்கும்வரை, அட்டையில் உள்ள காலாவதித் தேதி வரை அது தாங்கும். தண்ணீர் பட்ட கணத்திலிருந்து மூலக்கூறு சிறிது சிறிதாக உடையத் தொடங்கிவிடும். இரண்டில் கிளாவுலனிக் அமிலம் முதலில் உடையும். சில கிருமிகள் அமாக்சிசிலினைச் சிதைக்க ஒரு நொதியைச் சுரக்கின்றன. அந்த நொதியை முடக்குவதுதான் கிளாவுலனிக் அமிலத்தின் வேலை. அது குறைந்துபோனால், எந்தக் கிருமிக்காக மருத்துவர் இந்தக் கூட்டு மருந்தை எழுதினாரோ, அதனிடமே மருந்து தோற்கும்.

உடைவதை 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிர் மெதுவாக்கும், நிறுத்தாது. நமக்கு இதமாகத் தோன்றும் 25 டிகிரி இந்த மருந்துக்கு அதிகம். ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள். திறந்து மூடும் கதவில் வேண்டாம். ஃபிரீசரிலும் அதை ஒட்டிய தட்டிலும் வேண்டவே வேண்டாம், மருந்து உறையக் கூடாது.

ஐந்து நாள் மருந்துக்கு இரண்டு பாட்டில் தந்தார்கள். இரண்டையும் ஒன்றாகக் கரைக்கலாமா? மிச்சத்தை என்ன செய்வது? (விவேக்நகர் வாசகர்)

ஒன்று தீர்ந்த பிறகே அடுத்ததைக் கரையுங்கள். உங்கள் சீட்டில் உள்ளபடி வேளைக்கு 4 மில்லி, நாளுக்கு இரண்டு வேளை, ஐந்து நாள் என்றால் மொத்தம் 10 வேளை, 40 மில்லி. பாட்டில் ஒன்றில் 30 மில்லி. திங்கள் இரவு தொடங்கினால், முதல் பாட்டில் வியாழன் இரவு வரை ஏழு வேளைக்கு வரும். வெள்ளி காலை இரண்டாவதைக் கரைத்தால் சனி காலையோடு மருந்து முடிகிறது. அதில் 18 மில்லி மிஞ்சும்.

கொதித்து முழுதும் ஆறிய தண்ணீரையோ, பெட்டியோடு வரும் தண்ணீரையோ பயன்படுத்துங்கள். முதலில் பாட்டிலைத் தட்டிப் பொடியை உதிர்த்துவிட்டு, பாதிக்குச் சற்று மேல் ஊற்றிக் குலுக்குங்கள். நுரை அடங்கியபின் கோடு வரை நிரப்பி மீண்டும் குலுக்குங்கள். நுரையைக் கோடாக எண்ணி நிறுத்திவிட்டால் தண்ணீர் குறைந்து, ஒவ்வொரு வேளையும் மருந்து கூடுதலாகிவிடும். கரைத்த தேதியைப் பாட்டில் மீதே எழுதுங்கள்.

மிஞ்சிய 18 மில்லிக்கு வருவோம். நம் நாட்டுப் பாட்டில்களில் பெரும்பாலும் 7 நாள் என்று இருக்கும். உங்கள் பாட்டிலில் உள்ளதே கணக்கு. வெள்ளியன்று கரைத்தது ஞாயிறன்றும் கெட்டிருக்காதே என்று தோன்றும். ஞாயிறு அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தால் கை தானாகப் பாட்டிலுக்குப் போகும். அவனுக்கு எடைப்படி வேளைக்கு 6 மில்லி தேவை என்று வைத்துக்கொள்வோம். இருக்கிற மருந்து மூன்றே வேளைக்கு வரும். காய்ச்சல் வைரஸால் வந்திருந்தால் அந்த மூன்று வேளையும் வீண், வயிற்றுப்போக்குதான் மிஞ்சும். பாக்டீரியாவால் வந்திருந்தால் அரைகுறையாகத் தாக்கப்பட்ட கிருமிகளில் வலுவானவை தப்பும். மருத்துவர் நோயைக் கண்டறிவதும் கடினமாகும். அதனால் தேதி இருந்தாலும் மிச்சத்தை வைக்காதீர்கள் என்கிறேன்.

நிறம் மாறாமல் இருந்தால் நல்ல மருந்துதானே? (ஸ்ரீராமபுரம் வாசகி)

இல்லை. வெளிர் நிறம் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறினால் கெட்டுவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். மாறாதிருந்தால் நல்லது என்று சொல்ல முடியாது. வீரியம் குறைவதைக் கண்ணோ நாக்கோ காட்டித்தராது. அடியில் படிவது மட்டும் இயல்பு, ஒவ்வொரு வேளையும் குலுக்கிவிட்டுக் கொடுங்கள்.

இரவு பஸ்ஸில் சேலம் போகிறோம், மருந்து பாதியில் இருக்கிறது.

ஐஸ் கட்டிப் பையைத் துணியில் சுற்றி, பாட்டிலை நேராகத் தொடாதபடி சிறு குளிர்ப்பையில் வையுங்கள். போய்ச் சேர்ந்ததும் ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். சில மணி நேர மின்தடைக்கும் பயப்பட வேண்டாம், கதவைத் திறக்காமல் இருந்தால் போதும். இரவு முழுதும் மேசையிலேயே இருந்துவிட்டால், மருந்துக்கடையில் கேட்டுப் புதிய பாட்டில் வாங்குவதே என் தேர்வு.

எல்லா ஆன்டிபயாடிக் சிரப்பையும் ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

கூடாது. கரைத்த கிளாரித்ரோமைசின் குளிரில் கெட்டியாகிவிடும். அதை வெளியேதான் வைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அதன் அட்டையைப் படியுங்கள்.

மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றிவிடலாமா?

வேண்டாம், சாக்கடை வழியே நீர்நிலைக்குப் போகும். மண்ணிலோ காப்பிச் சக்கையிலோ கலந்து, பையில் இறுகக் கட்டி, ஈரக் குப்பையில் சேராமல் தனியாகத் துப்புரவுப் பணியாளரிடம் சொல்லிக் கொடுங்கள். காலாவதியான மருந்து வீட்டு அபாயக் கழிவு என்றே 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் வகைப்படுத்தின.