பெரிதாக்கினால் அப்பா முகம் மாறிப்போகிறதே, ஏன்?

“அப்பா தவறி எட்டு மாதம் ஆகிறது. குடும்பப் படத்தில் அம்மா பக்கத்தில் அவர் நிற்பதுபோல் சேர்த்து, 12க்கு 18 அளவில் மாட்ட ஆசை. தங்கை கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ ஒன்றுதான் வாட்ஸ்அப்பில் இருக்கிறது. கடைக்காரர் ‘8கே ஆக்கிச் சேர்க்கிறேன்’ என்று செய்து கொடுத்தார். முகம் பளபளவென்று இருக்கிறது, ஆனால் அம்மா பார்த்துவிட்டு ‘இது யாரு?’ என்கிறார். சரிசெய்ய முடியுமா?”

முடியும். ஆனால் இப்போது கையில் இருக்கும் படத்தை வைத்து அல்ல. அதைச் சரிசெய்ய இன்னொரு கடைக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம், நீளவாக்கில் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். கல்யாணக் குரூப் போட்டோவில் ஒருவர் முகத்துக்கு, உச்சந்தலையிலிருந்து தாடை வரை, 90 பிக்சல் கிடைத்தாலே அதிகம். அதில் ஒரு கண்ணின் அகலம் பன்னிரண்டு, பதின்மூன்று புள்ளிதான். இமை, கண்ணோரச் சுருக்கம், பார்வையின் சாய்வு எல்லாமே அதற்குள் இருந்தாக வேண்டும். போதாததற்கு, ஜேபெக் கோப்பு படத்தை 8க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. உங்கள் அப்பாவின் ஒரு கண் ஒன்றரைக் கட்டத்துக்குள் முடிந்துவிடுகிறது.

இந்த நிலையில் GFPGAN, CodeFormer போன்ற முகம் தெளிவாக்கும் கருவிகளிடம் படத்தைக் கொடுத்தால், அவை மறைந்துபோனதை மீட்பதில்லை. ஆயிரக்கணக்கான பிறர் முகங்களைப் பார்த்துப் பழகியவை அவை. மங்கலான இடத்தில் பொருத்தமான ஒரு கண்ணை, ஒரு உதட்டைப் புதிதாக வரைகின்றன. மச்சம், அம்மைத்தழும்பு, திருநீற்றுக் கீற்று ஆகியவற்றைக் கறை என்று எடுத்துக்கொண்டு துடைத்தும் விடலாம். அம்மா ‘யாரு’ என்று கேட்டது சரியான கேள்வி. அந்தக் கண் அப்பாவுடையது இல்லை.

‘8கே’ என்பது படத்தின் பிக்சல் எண்ணிக்கை மட்டுமே. 90 புள்ளி முகத்தை எத்தனை ஆயிரம் புள்ளியாக இழுத்தாலும் உள்ளே இருக்கும் விவரம் கூடாது. இன்னொரு ஏமாற்று, 72 டிபிஐ படத்தை 300 டிபிஐ ஆக்கிவிட்டோம் என்பது. டிபிஐ என்பது ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி அச்சிட வேண்டும் என்ற குறிப்புதான்; அந்த எண்ணை மட்டும் மாற்றினால் ஒரு பிக்சல்கூடச் சேராது. அதற்கும் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். கடையில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: “மூலப் படத்தில் முகம் எத்தனை பிக்சல் உயரம்?” பதில் சொல்லத் தெரியாதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

முதலில் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவரைப் பிடியுங்கள். 24 மெகாபிக்சல் கேமராவில் படத்தின் அகலம் 6000 பிக்சல். வாட்ஸ்அப்பில் 90 ஆக இருக்கும் அதே முகம், மூலக் கோப்பில் 337 பிக்சலாக இருக்கும். ட்ரோன், சினிமாட்டிக் வீடியோ என்று பேக்கேஜ் பேசும் தொழிலில், மூலக் கோப்புகளைப் பென்டிரைவில் கொடுப்பது மட்டும் பல இடங்களில் இன்னும் வழக்கமாகவில்லை. அங்கெல்லாம் கேட்டால்தான் கிடைக்கிறது, அதுவும் ஹார்ட் டிஸ்க்கை அழிக்கும் முன் கேட்டால்தான். கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னால், Document ஆக அனுப்பச் சொல்லுங்கள். அப்படி அனுப்பினால் சுருங்காது.

அது கிடைக்காவிட்டால் பழைய பாஸ்போர்ட் சைஸ் பிரிண்ட் தேடுங்கள். 35க்கு 45 மி.மீ. பிரிண்டை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் உயரம் 1060 பிக்சல் வரும், முகம் மட்டுமே 700ஐத் தாண்டும். பிரிண்டில் அவ்வளவு விவரம் இருக்காதுதான். ஆனாலும் 90 பிக்சல் முகத்தைவிடப் பல மடங்கு மேல். தலை திரும்பிய கோணமும் வெளிச்சம் விழும் பக்கமும் குடும்பப் படத்தோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள். விண்ணப்பத்துக்காக 50 கேபிக்குள் சுருக்கிய கோப்பை எடுக்காதீர்கள். அரசு இணையதளங்கள் இன்னமும் அந்த அளவைக் கேட்டுக்கொண்டிருப்பதால், பல வீடுகளில் நல்ல படம் போய்ச் சுருக்கியது மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

இனி, எதையுமே பெரிதாக்கத் தேவையில்லாத ஒரு நிலை உண்டு. இதைப் பெரும்பாலான கடைகள் கணக்குப் போட்டே பார்ப்பதில்லை. உங்கள் 12க்கு 18 படத்தில் முகங்கள் ஒன்றரை அங்குல உயரத்தில் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். சுவரில் மாட்டிச் சற்றுத் தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு, அங்குலத்துக்கு 200 புள்ளி போதும். ஆக முகத்துக்குத் தேவை 300 பிக்சல். போட்டோகிராபரிடம் 337 பிக்சல் முகம் கிடைத்துவிட்டால், எந்தக் கருவியும் அதைத் தொடக் கூடாது; தொட்டால் நஷ்டம்தான். வாட்ஸ்அப் படம் மட்டுமே கதி என்றாலும் இதே கணக்கு உதவும். படத்தை 8க்கு 12 ஆகக் குறையுங்கள். முகம் ஓர் அங்குலம், தேவை 200 பிக்சல். 90ஐ 200 ஆக்குவது இரண்டே கால் மடங்கு. முகம் பிழைக்க வழி இருக்கிறது. 300 ஆக்கப் போனால் மூன்று மடங்கைத் தாண்டும், கருவியின் கற்பனை அங்கேதான் தலைதூக்கும். முகம் 60 பிக்சலுக்கும் கீழே என்றால் அந்தப் படத்தை விட்டுவிடுங்கள்.

வாட்ஸ்அப் படத்திலிருந்துதான் செய்தாக வேண்டும் என்றால், பெரிதாக்குவது ஒட்டுவதற்கு முன் நடக்க வேண்டும். ஒட்டிய பிறகு முழுப் படத்தையும் கருவிக்குக் கொடுத்தால் அம்மாவின் முகமும் உங்கள் முகமும் சேர்ந்து மாறும், வெட்டிய விளிம்பும் கோடாகத் தெரியும்.

அப்பாவின் தலையையும் தோளையும் கொஞ்சம் இடம்விட்டு வெட்டி, PNG ஆகச் சேமிக்கச் சொல்லுங்கள். ஜேபெக் ஆகத் திரும்பத் திரும்பச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் சேதம் கூடும். அடுத்து போட்டோஷாப்பில் Reduce Noise பகுதியில் உள்ள Remove JPEG Artifact மூலம் கட்டங்களை மெல்லக் கரைக்க வேண்டும். இதைத் தவிர்த்தால் பெரிதாக்கும் கருவி கட்ட விளிம்பைத் தோல் சுருக்கம் என்று எண்ணிக் கூர்மையாக்கிவிடும். பிறகு Upscayl என்ற இலவச மென்பொருளில் நான்கு மடங்காக்கி, வேண்டிய 200 பிக்சலுக்கு இறக்கலாம்.

முகக் கருவியைத் தொடவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. கண் மிகவும் மங்கலாக இருந்தால் மட்டும், CodeFormer கருவியில் w மதிப்பை 0.8க்கு மேல் வைத்து ஒரு நகல் எடுங்கள். இந்த w குறையக் குறைய முகம் அழகாகும், ஆள் மாறுவார். அந்த நகலைப் பெரிதாக்கிய படத்தின்மேல் ஒரு லேயராக வைத்து, 30 சதவீத அடர்த்தியில் கண்ணுக்கு மட்டும் விடுங்கள். மச்சமும் மீசையும் பழைய படத்திலிருந்தே வரட்டும்.

ஏமாறாமல் இருக்க ஒரு சோதனை உண்டு. முடித்த முகத்தைத் திரும்ப 90 பிக்சலுக்குச் சுருக்கி, பழைய வாட்ஸ்அப் முகத்தின்மேல் பொருத்தி வைத்து, லேயரை Difference முறைக்கு மாற்றச் சொல்லுங்கள். ஏறக்குறைய முழுவதும் கறுப்பாக இருந்தால் கருவி முகத்தின் அமைப்பை மாற்றவில்லை. கண்ணோ வாயோரமோ வெள்ளையாகப் பளிச்சிட்டால், அந்த இடம் அப்பாவுடையது இல்லை. அழித்துவிட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள்.

ஒட்டிய பிறகும் அப்பாவின் முகம் மற்றவர்களைவிட வழுவழுப்பாகத் தெரியும், கேமரா படத்தில் இயல்பாக வரும் மணல்போன்ற நுண்புள்ளிகள் அதில் இல்லாததால். கடைசியாக எல்லா லேயரையும் ஒன்றாக்கி, முழுப் படத்தின்மேலும் 2 சதவீத அளவு Add Noise, Monochromatic தேர்வோடு போட்டால், எல்லா முகமும் ஒரே கேமராவில் எடுத்ததுபோல் அமைந்துவிடும். பெரிய பிரிண்ட் போடுவதற்கு முன், அப்பாவின் முகம் வரும் பகுதியை மட்டும் அதே அளவில் ஒரு சின்னத் தாளில் அடித்து, அம்மாவிடம் காட்டுங்கள்.