மாதச் சம்பளமா, வியூஸ் கணக்கா? பாலக்கோட்டு அப்பா ஒருவருக்குப் பதில்

வணக்கம் ஐயா. செய்தி இணையதளம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே எழுதும் வேலை பாப்பாவுக்குக் கிடைத்திருக்கிறது. நிலையான சம்பளம் கொஞ்சம், மீதி வியூஸைப் பொறுத்து ஊக்கத்தொகை. முதல் வாரமே அவள் வைத்த தலைப்பை மாற்றிப் போட்டுவிட்டார்கள், இது ஏமாற்று வேலை இல்லையா, விட்டுவிடச் சொல்லட்டுமா என்று கேட்கிறீர்கள். முடிவெடுப்பதற்கு முன் அந்தத் தலைப்பில் பணம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

பாப்பா எழுதியது: "ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து 24 ஆயிரம் கன அடி, பரிசல் இயக்கத் தடை". அலுவலகம் போட்டது: "ஒகேனக்கல் போறீங்களா? ஒரு நிமிஷம்... கலெக்டர் போட்ட அதிரடி உத்தரவு!" இரண்டாவதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் முதல் தலைப்பைப் படித்தவருக்கு விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது; பென்னாகரம் பஸ் ஏறலாமா வேண்டாமா என்று தெரிந்துவிட்டது. உள்ளே போகத் தேவையில்லை. உள்ளே போகாதவரால் தளத்துக்குக் காசும் இல்லை.

பக்கம் திறக்கும் அந்தக் கணத்திலேயே விளம்பர இடங்களுக்குத் தானியங்கி ஏலம் நடக்கிறது. ஆயிரம் முறை காட்டினால் இவ்வளவு என்று விலை. விளம்பரம் கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் வழியாக வந்தால், விளம்பரதாரர் கொடுப்பதில் சுமார் 68 சதவீதம் தளத்துக்கு. ஒரு பேனர் விளம்பரத்தில் பாதி, ஒரு விநாடி திரையில் தெரிந்தால் போதும், "பார்க்கப்பட்டது" என்பதுதான் விளம்பரத் துறையின் அளவுகோல். ஒரே ஒரு விநாடி!

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஆயிரம் வியூஸுக்குத் தளத்தின் கைக்கு 80 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தலைப்பும் தலா ஒரு லட்சம் செல்போன்களில் தெரிகின்றன. முதலாவதை நூற்றுக்கு 2 பேர் தொட்டால் 2,000 வியூஸ், 160 ரூபாய். இரண்டாவதை நூற்றுக்கு 8 பேர் தொட்டால் 8,000 வியூஸ், 640 ரூபாய். எழுதிய உழைப்பு ஒன்றுதான். வந்தவர் பத்து விநாடியில் எரிச்சலோடு வெளியேறினாலும் தளத்துக்கு நஷ்டமில்லை, விளம்பரம் ஏற்கெனவே தெரிந்துவிட்டது.

தலைப்போடு இது நிற்பதில்லை. அந்தச் செய்தியை முழுக்கப் படித்துப் பாருங்கள். முதல் பத்தியில் ஒகேனக்கல் தர்மபுரி மாவட்டத்தின் பிரபலமான சுற்றுலாத் தலம் என்று இருக்கும் (நமக்கே சொல்கிறார்கள்!). இரண்டாவதில் காவிரி எங்கே பிறக்கிறது என்று. பரிசல் தடை நான்காவது பத்தியில்தான் வரும். நடுவில் இரண்டு மூன்று விளம்பரங்களைத் தாண்டித்தானே அங்கே போக முடியும்?

அப்படியானால் எல்லாரும் இப்படியே எழுதிப் பிழைக்கலாமே என்றால், அதற்கும் ஒரு வரம்பு இருக்கிறது. இத்தகைய தளங்களுக்கு வாசகர்களில் பெரும்பகுதி, செல்போனில் கூகுள் ஆப் திறந்ததும் வரிசையாக வரும் டிஸ்கவர் செய்திகள் வழியாக வருகிறார்கள். முக்கியமான தகவலை மறைத்தோ மிகைப்படுத்தியோ கிளிக் வாங்காதீர்கள் என்று டிஸ்கவருக்கான கூகுளின் வழிகாட்டுதலே சொல்கிறது. ஆனால் எப்போது, எவ்வளவு கடுமையாக அது அமலாகும் என்பது தளத்தின் கையில் இல்லை. நேற்று லட்சக்கணக்கில் வந்த வியூஸ் இன்று சில ஆயிரத்துக்கு இறங்கலாம். அப்போது முதலில் அடிபடுவது ஊக்கத்தொகை, அடுத்தது புதிதாகச் சேர்ந்தவரின் வேலை. என் கவலை நேர்மையை விட இங்கேதான் அதிகம், ஐயா.

ஆகவே, விடச் சொல்லாதீர்கள். ஒப்பந்தத்தை மட்டும் மாற்றிக் கேட்கச் சொல்லுங்கள். நிலையான சம்பளம் மட்டும் வந்தாலே மாதம் ஓடுமா என்று பாருங்கள். ஓடாது என்றால் மட்டும் தொடர வேண்டாம். அப்புறம், ஊக்கத்தொகையை வியூஸை மட்டும் வைத்துக் கணக்கிடுகிறார்களா, வாசகர் பக்கத்தில் இருந்த நேரத்தையும் பார்க்கிறார்களா என்று நேராகக் கேட்கலாம். வாசகர் வருகையைக் கணக்கெடுக்கும் அனலிட்டிக்ஸ் மென்பொருளில் அந்த எண் இருக்கிறது. பார்ப்பதே இல்லை என்று சொன்னால் அது எந்த மாதிரியான கடை என்று தெரிந்துவிடும். தலைப்பை வேறொருவர் மாற்றினால் செய்தியின் மேலே பாப்பாவின் பெயர் வருமா என்பதையும் கேட்டுவிடுங்கள். நாளைக்கு வேறு பத்திரிகைக்கு விண்ணப்பிக்கும்போது தேடிப் பார்ப்பவர்களுக்குத் தெரிவது அந்தப் பெயரும் அந்தத் தலைப்பும்தான். தான் முதலில் வைத்த தலைப்பையும், வெளியான தலைப்பையும், இரண்டு நாள் கழித்து வந்த வியூஸையும் ஒரு ஷீட்டில் அவள் எழுதி வரட்டும். அடுத்த நேர்காணலில் சான்றிதழை விட அதற்கு மதிப்பு கிடைக்கும்.

சம்பளக் கடிதம் வந்ததும் ஊக்கத்தொகை பற்றிய அந்தப் பத்தியைப் படம் எடுத்து அனுப்புங்கள். கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை பார்த்துச் சொல்கிறேன்.