கோஹ்பர் சுவரும் கோயில் சுவரும்

வணக்கம். நான் கோண்டாவில் பக்கம் ஒரு பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறேன். போன தவணை உயர்தரப் பிள்ளைகளுக்கு மதுபனி ஓவியப் பிரதிகள் சிலவற்றைக் காட்டினேன். "இது நுண்கலையா, கைப்பணியா சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. ஆசிரியர் அறையில் சொன்னேன், பெரிய விவாதமாகிவிட்டது. "ஊர்ப் பெண்கள் சடங்குக்காகச் சுவரில் கீறுகிறார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே உரு. இதில் படைப்பாளி எங்கே?" என்றார் ஒருவர். நாட்டார் ஓவியம், பழங்குடி ஓவியம் எல்லாமே நுண்கலைதான், பிரித்துப் பார்ப்பதே மேட்டிமைத்தனம் என்றார் இன்னொருவர். எனக்கு இரண்டும் முழுதாக ஒப்பவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் நண்பர்கள் இருவருமே படத்தைப் பார்க்காமல் கதைக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. அதனால் ஒரே ஒரு உருவை எடுத்துக்கொண்டு பார்ப்போம். கோஹ்பர். நீங்கள் காட்டிய பிரதிகளில் அதுவும் ஒன்றாக இருந்திருக்கும். நடுவில் நிமிர்ந்த தண்டும் சுற்றிவர வட்ட வட்டமான தாமரைகளும் உள்ள படம்.

பீகாரின் வடக்கே, மதுபனி ஓவியம் பிறந்த மிதிலைப் பகுதியில், கல்யாணத்தின்போது பெண் வீட்டில் புதுத் தம்பதிக்கென்று ஓர் அறையை ஒதுக்குவார்கள். முதல் நான்கு நாள் சடங்குகள் அந்த அறையைச் சுற்றித்தான் நடக்கும். அதன் சுவரில் எழுதுவதே கோஹ்பர். தாமரை பெண்ணுக்கு, மூங்கில் ஆணின் வம்சத்துக்கு. இடைவெளிகளில் மீன், ஆமை, பாம்பு, கிளிச் சோடி. அறையின் மூலைகளில் நைனா ஜோகின் என்ற முக்காடிட்ட பெண் உருவம், ஒற்றைக் கண் மட்டும் தெரிய, கண்ணூறு கழிக்க நிற்கும்.

செய்யும் விதமும் சொல்லவேண்டும். மண்சுவரைச் சாணமும் மண்ணும் குழைத்து மெழுகுவார்கள். மூங்கில் குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றினால் தூரிகை. விளக்குக் கரி கறுப்பு, அரிசிமா வெள்ளை, மஞ்சள் மஞ்சளேதான். ஒட்டுவதற்குப் பிசின். கை தேர்ந்த ஒரு பெண் வெளிக்கோட்டை இழுக்க, வீட்டுப் பெண்கள் கூடி நிறம் நிரப்புவார்கள். கல்யாணம் முடிந்து சில மாதத்தில் சுவர் மங்கும், மழைக்கு உதிரும். அடுத்த கல்யாணத்துக்கு மறுபடி மெழுகிப் புதிதாக எழுதுவார்கள். பழையது போய்விட்டதே என்று அங்கே யாரும் அழுவதில்லை. அது போகவேண்டியதுதான்.

இப்போது "ஒரே உரு" என்ற விஷயத்துக்கு வருகிறேன். உரு ஒன்றுதான், மறுக்கவில்லை. கல்யாணியின் ஆரோகணமும் எல்லோருக்கும் ஒன்றுதான். அதற்காக இணுவிலில் ஒரு நாதஸ்வரக்காரர் கல்யாணியை ஒரு மணித்தியாலம் வாசித்தால், இதில் படைப்பாளி எங்கே என்று உங்கள் நண்பர் கேட்பாரா? கோஹ்பரில் என்னென்ன இருக்கவேண்டும் என்பதைச் சடங்கு தீர்மானிக்கிறது. தண்டு எவ்வளவு தடிப்பு, தாமரைகள் ஒன்றையொன்று தொடுவதா விலகி நிற்பதா, மூங்கிலின் கணுக்களை எண்ணி எண்ணிக் கீறுவதா, ஒரே வீச்சில் இழுப்பதா, இதெல்லாம் கீறுகிறவளின் முடிவு. ஒரே கிராமத்தில் இரண்டு வீட்டுச் சுவர் ஒன்றுபோல இருக்காது.

இந்தச் சுவர்களை வெளியுலகம் கண்டதே ஒரு விபத்து. 1934 ஜனவரியில் பீகாரில் பெரிய பூகம்பம். வில்லியம் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேய அதிகாரி இடிந்த வீடுகளைப் பார்வையிடப் போன இடத்தில், பிளந்த உட்சுவர்களில் ஓவியங்களைக் கண்டார். வெளி ஆண் அந்த அறைக்குள் கால் வைக்கச் சாதாரண நாளில் வழியில்லை. பிறகு 1949-இல் அதுபற்றி எழுதினார். ஐரோப்பிய நவீன ஓவியர்களான கிளேயும் மிரோவும் நினைவுக்கு வந்தார்களாம். பாராட்டுத்தான். ஆனால் ஒரு மைதிலிப் பெண் கலைஞர் ஆவதற்கு ஐரோப்பிய ஆண் ஒருவரின் சாயல் வேண்டியிருக்கிறதே, அது எனக்கு எப்போதும் உறுத்தும். "எல்லாமே நுண்கலை" என்று சொல்கிற உங்கள் மற்ற நண்பரின் குரலிலும் இந்தப் பெருந்தன்மை கொஞ்சம் கேட்கிறது.

சுவரிலிருந்து தாளுக்கு வந்தது 1960-களின் நடுப்பகுதியில். அங்கே கடும் வரட்சி. அகில இந்தியக் கைப்பணிச் சபையிலிருந்து பாஸ்கர் குல்கர்ணி என்ற பம்பாய் ஓவியர் தாள்களோடு போனார். வீட்டுக்கு வருமானம் வரட்டும் என்பதே நோக்கம். தொடக்கத்தில் துணிந்து தாளில் கீறிய பெண்கள் சிலர்தான். அவர்களில் ஒருவர் சீதா தேவி, இன்னொருவர் கங்கா தேவி. வகுப்பில் இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். சீதா தேவி பிராமணப் பெண்களின் பர்னி முறை, அதாவது நிறம் நிரப்புவது. கோடு ஓர் எல்லை மட்டும், வேலை முழுக்கத் தட்டையான, அடர்ந்த நிறத்தில். கங்கா தேவி காயஸ்தப் பெண்களின் கச்னி முறை. பெரும்பாலும் கறுப்பும் சிவப்பும், எல்லாமே கோடு. மீனின் உடம்பை நிறம் பூசி நிரப்பமாட்டார், மயிர் போன்ற கீற்றுகளால் நிரப்புவார். கீற்று நெருங்கினால் இருள், விலகினால் வெளிச்சம்.

அப்புறம் கங்கா தேவி போன தூரத்தையும் பாருங்கள். 1985-இல் இந்திய விழாவுக்காக அமெரிக்கா போனார். திரும்பி வந்து அங்கே ரோலர் கோஸ்டரில் போனதைக் கீறினார், அதே கச்னிக் கோட்டில். பிறகு புற்றுநோய் வந்தது. டெல்லியில் வைத்தியசாலைக்குப் போய்வந்த அனுபவத்தையும் தொடராகக் கீறினார். இதற்கெல்லாம் பாட்டி கொடுத்த உரு கிடையாது. வைத்தியசாலைக் கட்டிலை எப்படிக் கீறுவது என்று மிதிலையில் யாரும் அவருக்குச் சொல்லித் தந்திருக்க முடியாது. படைப்பாளி எங்கே என்று கேட்டவருக்கு இந்தத் தொடரைக் காட்டினால் போதும்.

அந்த நோயோடு போராடிய காலத்தில்தான் டெல்லி கைப்பணி அருங்காட்சியகத்தில் ஓர் அறைச் சுவர் முழுக்கக் கோஹ்பர் எழுதினார். 1991-இல் காலமானார். 2015-இல் அருங்காட்சியகப் புனரமைப்பு வேலையின்போது அந்தச் சுவரோவியம் அழிக்கப்பட்டது. செய்தி வெளியே வந்ததும் கலை வரலாற்றாளர்களும் ஓவியர்களும் கொதித்தார்கள். அதற்குள் சுவர் போய்விட்டது.

உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இந்த இரண்டு சுவர்களுக்கும் இடையில்தான் இருக்கிறது. கிராமத்துச் சுவர் அழிந்தால் அது சடங்கின் ஒரு பகுதி. அதை எழுதியவளே அடுத்த வருஷம் மெழுகி அழிப்பாள், கை இருக்கிறது, மறுபடி வரும். டெல்லிச் சுவர் அழிந்தால் அது இழப்பு, ஏனென்றால் அந்த ஒரு பெண் அந்த ஒரு தடவை எடுத்த முடிவுகள் அங்கே மட்டும்தான் இருந்தன. ஆகவே "மதுபனி நுண்கலையா?" என்று ஒரு மரபு முழுவதையும் நிறுத்திவைத்துக் கேட்பதில் பயனில்லை. எண்ணெய் வர்ணம் நுண்கலையா என்று யாராவது கேட்கிறோமா? இந்தப் படம், இந்தக் கை என்று தனித்தனியாகத்தான் கேட்கவேண்டும். அப்படிக் கேட்டால் கங்கா தேவி கேள்விக்கே இடமில்லாமல் கலைஞர். விமான நிலையக் கடையில் அச்சுப்போலத் தொங்குகிற மதுபனி முக்கால்வாசி வெறும் சரக்கு. நாட்டார் மரபு என்பதற்காக அதை நான் கலை என்று சொல்லமாட்டேன். விறைத்த கோடு, ஒரே அளவில் ஓடும் கரை, இடம் நிரப்பப் போட்ட மீன், பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

மரபு என்று மொத்தமாகப் பேசுவதில் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. மத்திய பிரதேசத்தில் பாட்டன்கட் என்ற ஊரில் ஜங்கர் சிங் ஷியாம் என்ற பர்தான் கோண்ட் பழங்குடி இளைஞர் வீட்டுச் சுவர்களில் வரைந்துகொண்டிருந்தார். 1980-களின் தொடக்கத்தில் ஓவியர் ஜெ. சுவாமிநாதன் அமைத்த குழு அவரைக் கண்டு போபாலில் உள்ள பாரத் பவன் என்ற கலை மையத்துக்கு அழைத்துவந்தது. புள்ளிகளாலும் குறுங்கோடுகளாலும் தெய்வங்களையும் மிருகங்களையும் நிரப்பும் அந்தப் பாணியை வளர்த்தெடுத்தவர் அவர்தான். விஷயம் தெரிந்தவர்கள் அதை ஜங்கர் கலம், அதாவது ஜங்கரின் பாணி, என்றே சொல்கிறார்கள். ஆனால் கடையிலும் பாடப்புத்தகத்திலும் அது ஆயிரமாண்டுக் "கோண்ட் மரபு". ஒரு தனிமனிதரின் கண்டுபிடிப்பைப் பழங்குடி என்ற பெயரில் கூட்டத்துக்குள் கரைத்துவிட்டு, பிறகு இதில் தனிப் படைப்பாளி இல்லை என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

நம் ஊருக்கும் வருவோம். யாழ்ப்பாணத்தில் இதே நிலையில் இருப்பவை கோயில் சுவர்கள். திருப்பணி என்று தொடங்கினால் பாலஸ்தாபனம் முடிந்த கையோடு சுவரைச் சுரண்டுவார்கள். பழைய தலபுராணப் படங்கள் போய், பளபளக்கிற பெயின்றில் புதுப் படங்கள் வரும். கும்பாபிஷேகத்துக்குப் புதுப்பிப்பதும் சடங்கின் ஒரு பகுதி என்பதால் இதை நான் முழுக்கக் குறை சொல்லமாட்டேன். மிதிலைப் பெண் மெழுகுவதுபோலத்தானே. ஆனால் அங்கே மறுபடி எழுதும் கை வீட்டிலேயே இருந்தது. இங்கே தேர்ச்சீலையும் திரைச்சீலையும் சுவரும் எழுதிய பரம்பரைக் கைகள் பல நின்றுவிட்டன. புதிதாக எழுத வருகிறவர் நாட்காட்டிப் படத்தைப் பார்த்து எழுதுகிறார். கை தொடராத இடத்தில் பழையதைச் சுரண்டினால் அது டெல்லியில் நடந்ததுதான்.

வகுப்புக்கு ஒன்று சொல்கிறேன். சீதா தேவி படங்கள் இரண்டு, கங்கா தேவி படங்கள் இரண்டு, பெயரை மறைத்துவிட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்து யார் யாருடையது என்று பிரிக்கச் சொல்லுங்கள். இணையத்தில் கிடைக்கும் சின்னப் படங்களில் கச்னிக் கீற்று கலங்கிச் சாம்பல் நிறமாகிவிடும். பெரிய கோப்பாகத் தேடி, ஒரு மீனையோ கிளியையோ மட்டும் முழுப் பக்கத்துக்குப் பெருப்பித்து அச்செடுங்கள். பிறகு அதே பிள்ளைகளை உங்கள் ஊர்க் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், சுவரில் எத்தனை கை வேலை செய்திருக்கிறது என்று பார்க்கவிடுங்கள். திருப்பணிச் சபையில் தெரிந்தவர்கள் இருந்தால், பாலஸ்தாபனத்துக்கு முதல் ஒவ்வொரு சுவரையும் பகல் வெளிச்சத்தில் நேராக நின்று படமெடுக்கக் கேளுங்கள். எழுதியவரின் பெயரை ஊரில் வயதான யாராவது சொல்லக்கூடும். அதையும் கொப்பியில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.