திரும்பும் கிலோமீட்டரையும் சேர்த்துத்தான் வாடகை

"மாதவரத்திலிருந்து கோவைக்கு 9 டன் சரக்கு, வாடகை 22,000 ரூபாய். டீசல், டோல் போக மிஞ்சுகிறது. ஒப்புக்கொள்ளலாமா? திரும்பும்போது லோடு இல்லை."

ஐயா, இந்த வாடகைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். மிஞ்சுவதாகத் தெரிவது ஒருவழிக் கணக்கில் மட்டுமே. தூரம் ஏறக்குறைய 500 கி.மீ. ஆறு சக்கர வண்டி லோடுடன் லிட்டருக்கு 5 கி.மீ., காலியாக 6.25 கி.மீ. ஓடுவதாக வைத்தால், போக 100 லிட்டரும் வர 80 லிட்டரும் ஆகும். லிட்டர் 92 ரூபாய் என்றால் 16,560 ரூபாய். டோல் வண்டியின் வகையைப் பொறுத்தது என்பதால் காலி வண்டிக்கும் குறையாது; உங்கள் ஃபாஸ்டேக் கணக்கில் இருவழித் தொகையைப் பாருங்கள், இங்கே 5,000 என்று கொள்கிறேன். டிரைவர் பேட்டா மூன்று நாளுக்கு 3,000. தவணை, இன்சூரன்ஸ், டயர் தேய்மானத்துக்கு நாளொன்றுக்கு 1,500 வீதம் 4,500. மொத்தம் 29,060 ரூபாய், உங்கள் லாபம் இன்னும் சேரவில்லை.

கோவையில் கமிஷன் போக 12,000 ரூபாய்க்கு ரிட்டர்ன் லோடு கிடைத்தாலும் அது முழுதாக மிஞ்சாது. கூடுதல் டீசல் 20 லிட்டருக்கு 1,840, ஒரு நாள் காத்திருந்தால் பேட்டாவும் தேய்மானமுமாக 2,500 கழியும், மீதி 7,660தான். அப்போதும் போகும் வாடகை 21,400க்குக் குறையக் கூடாது. காத்திருப்பு இரண்டாம் நாளுக்கு நீண்டால் இன்னும் 2,500 போகும். 24 மணி நேரத்துக்குள் திரும்பிக் கடந்தால் கிடைக்கும் டோல் சலுகையும் கிடைக்காது. ஆகவே ரிட்டர்ன் லோடு புறப்படும் முன்பே உறுதியாகாவிட்டால், லாபம் சேர்த்து 32,000 கேளுங்கள்.