அப்ஸ்ட்ரக்டிவ், ரெஸ்ட்ரிக்டிவ் நுரையீரல் நோய் ரெண்டுலயும் எஃப்விசி குறையுதே, அப்புறம் எதை வச்சு பிரிக்கிறது?

கேள்வி: சார், நான் மெடிக்கல் ஸ்டூடண்ட். எஃப்விசி குறைஞ்சா ரெஸ்ட்ரிக்டிவ்னு மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன், ஆனா சிஓபிடி பேஷண்ட் ரிப்போர்ட்லயும் குறைஞ்சுதான் இருக்கு. குழம்பிட்டேன்.

பதில்: எஃப்விசிங்கறது வெளிய ஊதித் தள்ளின காத்து மட்டும்தான்பா, உள்ள எவ்வளவு மாட்டிக்கிச்சுன்னு அது சொல்லாது, குழப்பமே அங்கதான்.

ரெண்டு பேரை எடுத்துக்குவோம். ரெண்டு பேருக்கும் எஃப்விசி 4 லிட்டர் இருக்கணும், ஆனா 2.4தான் வருது. முதல் ஆளுக்கு சிஓபிடில ஒரு வகையான எம்ஃபைசீமா. முதல் செகண்ட்ல வர்ற எஃப்இவி1 வெறும் 1.1, அதை எஃப்விசியால வகுத்தா வர்ற ரேஷியோ 46 சதவீதம். அடுத்தவருக்கு ஃபைப்ரோசிஸ், எஃப்இவி1 2.1, ரேஷியோ 87 தாண்டுது.

ஏன்னு பாருங்க. எம்ஃபைசீமால நுரையீரலோட சுருங்குற இழுவிசை போயிடுது, சின்ன ஏர்வேஸை சுத்தி இழுத்துப் பிடிக்க ஆளில்ல, அதனால அழுத்தி ஊத ஊத அதுங்க மூடிக்குது, காத்து உள்ளயே தங்கிடுது. நுரையீரல் முழுசா நிரம்பினா பிடிக்கிற மொத்தக் காத்துதான் டிஎல்சி, அவருக்கு அது 6 இருக்கவேண்டிய இடத்துல 7.2, அதுல 2.4 கழிச்சா, ஊதி முடிச்ச பிறகும் உள்ள மிச்சமிருக்கிற காத்தான ஆர்வி 4.8, இருக்கவேண்டியது 2தான்! ஆர்வி வீங்கி எஃப்விசியோட இடத்தைப் பிடிச்சிடுச்சு, அவ்ளோதான் விஷயம். ஃபைப்ரோசிஸ் நேர் எதிர், நுரையீரல் விறைப்பா இருக்கு, விரியவே மாட்டேங்குது, ஆனா அந்த விறைப்பே ஏர்வேஸை திறந்து பிடிக்கிறதால உள்ள போன கொஞ்ச காத்தும் சட்டுனு வெளிய வந்துடும். டிஎல்சி 3.7, ஆர்வி 1.3. எல்லாமே சுருங்கிடுச்சு.

அதனால ரேஷியோ குறைவா இருந்தா அப்ஸ்ட்ரக்டிவ், ஆனா ரெஸ்ட்ரிக்ஷனை உறுதி பண்ண டிஎல்சி குறைஞ்சிருக்கணும், இதை ஸ்பைரோமீட்டர் அளக்காது (ஆர்வியை ஊதி வெளிய விட முடியாதே). பாடி பிளெத்திஸ்மோகிராஃபி இல்லன்னா ஹீலியம் டைல்யூஷன் வேணும். எம்ஃபைசீமால ஹீலியம் மூடின இடத்துக்குள்ள சரியா போகாது, டிஎல்சியை குறைச்சுக் காட்டிடும், அங்க பிளெத்திஸ்மோகிராஃபிதான் நம்பலாம்.

நான் ஸ்டூடண்டா இருந்தப்போ வாங்கிக் கட்டிக்கிட்ட தப்பு ஒண்ணு சொல்றேன். சிஓபிடி பேஷண்ட் 12 செகண்ட் ஆனாலும் ஊதிக்கிட்டே இருப்பார், நான் பாவம்னு 4 செகண்ட்ல போதும்னு நிறுத்திட்டேன், எஃப்விசி பொய்யா குறைஞ்சு ரேஷியோ ஏறி ரெஸ்ட்ரிக்டிவ் மாதிரியே வந்துடுச்சு. அதனால நம்பரைப் பாக்குறதுக்கு முன்னாடி வால்யூம்-டைம் கிராஃபைப் பாருங்க, கோடு கடைசில படுத்திருக்கணும், இன்னும் ஏறிக்கிட்டே இருக்கும்போது வெட்டுப்பட்டிருந்தா அந்த எஃப்விசியை நம்பாதீங்க.

இன்னொண்ணு, வைவால கேப்பாங்க: தசை பலவீனத்துல டிஎல்சி குறையும், ரெஸ்ட்ரிக்டிவ்தான், ஆனா மூச்சை முழுசா வெளிய தள்ளுற தசையும் வீக் ஆனதால ஆர்வி நார்மலாவோ கூடவோ இருக்கும்.