கோழியில் எலும்பும் தோலும் போக, கறி மட்டும் கிலோ என்ன விலை?

கேள்வி: தண்டையார்பேட்டையில் தோல் உரிச்ச பிராய்லர் கிலோ 240-க்கு வாங்குறேன். அதே கடையில போன்லெஸ் 380. எலும்பு போக கறி மட்டும் உண்மையில என்ன விலை விழுது? எது லாபம்?

பதில்:

எலும்பில் ஒட்டியிருக்கும் கறியையும் விடாமல் சாப்பிடுகிற வீடு என்றால் கிலோ சுமார் 380 விழும், அதாவது போன்லெஸ் விலையேதான். கத்தியால் எடுக்க வருவதை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டினால் 450-ஐத் தொடும்.

கணக்கு இப்படி. உயிரோடு 2 கிலோ நிற்கும் பிராய்லரைத் தோல் உரித்து, தலை, கால், குடல் நீக்கினால் ஏறக்குறைய 1,300 கிராம் கையில் கிடைக்கும். கோழிக்குக் கோழி கொஞ்சம் மாறும். 240 ரூபாய் வீதம் அதற்கு 312 ரூபாய். இந்த 312-ஐ அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். மாறப்போவது அதை எந்த எடையால் வகுக்கிறோம் என்பதுதான்.

நெஞ்சுக்கறி இரண்டு பக்கமும் சேர்த்து 410 கிராம் வரும். இரண்டு தொடையும் லெக் பீஸும் எலும்போடு 410 கிராம், அதில் கறி 285. ஆக, கத்தி போட்டுச் சுத்தமாக எடுக்கக்கூடியது 695 கிராம். 312-ஐ 0.695-ஆல் வகுத்தால் கிலோ 449 ரூபாய்.

மிச்சம் இருப்பது இறக்கை, கழுத்து, முதுகோடு சேர்ந்த நெஞ்சுக்கூடு. மூன்றும் சேர்த்து 400 கிராம் எடை போட்டிருப்பார்கள். பச்சையாக இதில் கறியைப் பிரிக்க முடியாது. வெந்த பிறகு பிய்த்துச் சாப்பிட்டால் 125 கிராம் அளவுக்குக் கறி உண்டு. இதையும் சேர்த்தால் 820 கிராம், கிலோ 380. ஈரல், இதயம், இரைப்பை 80 கிராமும் சாப்பிடுவீர்கள் என்றால் 900 கிராம், கிலோ 347.

அதனால் எது லாபம் என்பதை என்ன சமைக்கப் போகிறீர்கள் என்பதுதான் முடிவு செய்யும். குழம்பு, பிரியாணி என்றால் முழுக்கோழிதான். எலும்பின் சாரும் குழம்பில் இறங்கிவிடும். சிக்கன் 65, ஃபிரைட் ரைஸ் மாதிரி துண்டுக்கறி மட்டும் வேண்டும், கூட்டை வைத்து சூப் போடவும் நேரமில்லை என்றால் 380-க்கு போன்லெஸ் வாங்குவதே மேல். வீட்டில் கத்தி போட்டுப் பழக்கம் இல்லாதவர்கள் தொடை எலும்பிலும் நெஞ்செலும்பு ஓரத்திலும் 50 கிராமை எளிதாக விட்டுவிடுவார்கள். அப்போது 449 என்பது 484 ஆகிவிடும்.

நீங்களே எடுப்பதானால் கடையில் துண்டு போட விடாதீர்கள். குழம்புக்கு வெட்டியதில் எலும்பு சில்லு சில்லாக உடைந்து கறிக்குள் புகுந்துவிடும், பிறகு பிரிப்பது வீண் வேலை. முழுசாக வாங்கி, நெஞ்சின் நடு எலும்பை ஒட்டிக் கத்தியை இறக்கி, விலா எலும்பின் மேல் உரசியபடியே வெளிப்பக்கம் இழுத்து வந்தால் நெஞ்சுக்கறி ஒரே துண்டாகக் கழன்று வரும். தொடையை உள்பக்கமாக, எலும்பின் நீளத்துக்குக் கீறித் திறக்க வேண்டும்.

தோலோடு வாங்கினால் மலிவு என்று நினைப்பவர்கள் உண்டு. அதே கோழி தோலோடு 1,480 கிராம் நிற்கும். கிலோ 210 என்றால் 311 ரூபாய். தோலைக் கொட்டப்போகிறீர்கள் என்றால் இரண்டும் ஒரே விலைதான். விலை தினமும் மாறுவதால் பெருக்கல் எண்ணை நினைவில் வையுங்கள்: தோல் உரித்த விலையை 1.6-ஆல், தோலோடு உள்ள விலையை 1.8-ஆல் பெருக்கினால் எலும்பில்லாத கறியின் விலை வந்துவிடும். போன்லெஸ் அதற்குக் கீழே கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். சின்னக் கோழிக்கு இந்த எண் போதாது, அதில் எலும்பின் பங்கு அதிகம். நாட்டுக்கோழிக்கும் அப்படியே, நெஞ்சில் சதையே குறைவு.

கணக்கைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் டப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து அப்படியே தராசில் வைத்தால், 50 கிராம் தண்ணீருக்கு 12 ரூபாய் கொடுக்கிறீர்கள். கழுவும் முன்பே எடை போடச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் வீட்டுக்கு வந்ததும் எடை பார்த்து, வடிதட்டில் அரை மணி நேரம் வைத்து மறுபடி பாருங்கள். குறைந்தது அத்தனையும் தண்ணீர். போன்லெஸில் வெட்டிய பரப்பு அதிகம் என்பதால் அது இன்னும் கூடுதலாகத் தண்ணீர் பிடித்து வைத்திருக்கும், அதற்குக் கிலோ 380.

சோதித்துப் பார்ப்பவர்கள் பச்சைக் கறியைத்தான் நிறுக்க வேண்டும். வெந்த கறி தண்ணீர் விட்டு எடை நன்றாகக் குறைந்துவிடும். சாப்பிட்டு முடித்த எலும்பை நிறுத்துக் கழித்தாலும் சரிவராது, குருத்தெலும்பையும் மஜ்ஜையையும் தட்டிலேயே தின்று முடித்திருப்போம், கறி இருந்ததைவிட அதிகமாகத் தெரியும்.