ஒரே சமையல், இரண்டு கட்டுப்பாடுகள்

"கணவருக்கு வேர்க்கடலை அலர்ஜி, மகளுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காது. இரவில் இரண்டு சமையல் செய்யாமல் முடியுமா?"

முடியும். இரண்டையும் ஒரே மாதிரி நடத்தாதீர்கள். வேர்க்கடலை துளி பட்டாலே ஆபத்து என்பதால் அதை வீட்டுக்குள்ளேயே விடக்கூடாது. செக்குக் கடலை எண்ணெயும் வேண்டாம், அதில் கடலைப் புரதம் இருக்கும், நல்லெண்ணெய் போதும். கடலை அரைத்த பழைய மிக்ஸி ஜாரின் பிளேடு அடியில் துகள் தங்கும், ஜாரையே மாற்றிவிடுங்கள். கடையில் வாங்கும் இட்லிப் பொடியின் லேபிளையும் பாருங்கள்.

லாக்டோஸ் விஷயம் வேறு, அது அளவைப் பொறுத்தது. அதனால் பாலும் தயிரும் அடுப்பில் சேராமல் மேசையில் தனியாக இருக்கட்டும்.

எங்கள் வீட்டில் தோசை, தேங்காய்ச் சட்னி, காய்கறிக் குருமா. சட்னிக்குக் கடலைக்குப் பதில் இரண்டு ஸ்பூன் பொட்டுக்கடலை. குருமாவில் தயிருக்குப் பதில் தேங்காய்ப்பால். கடைசியில் ஊற்றி, கொதிக்குமுன் இறக்கினால் திரியாது. அப்புறம், முந்திரியை மட்டும் டாக்டரிடம் கேட்காமல் சேர்க்காதீர்கள்.